குழுக் கடன் யாருக்குப் பொருந்தும்? ஒரு பத்து மதிப்பெண் கேள்வியும் கொஞ்சம் கேரட் பொடியும்

கேள்வி: "ஐயா, நான் கோத்தகிரி பக்கம், பி.காம். மூன்றாம் ஆண்டு. 'தொழில்முனைவோர் வகைகளை விளக்கி, நுண்கடனில் குழுக் கடன் முறை அவர்களில் யாருக்குப் பொருந்தும் என ஒப்பிடுக' என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டார்கள். நான்கு வகையும் எழுதினேன், கிராமீன் வங்கி பற்றியும் எழுதினேன், மூன்றரைப் பக்கம். கிடைத்தது நான்கு. எங்கள் அம்மா பல வருடமாகக் குழுவில் இருக்கிறார். அவரிடம் கேட்டால், 'லோன் வாங்குறது தொழிலுக்குன்னு யார் சொன்னா?' என்று சிரிக்கிறார். எதை எதோடு ஒப்பிடுவது?"

பதில்:

தம்பி, உங்களுக்குக் கிடைத்த நான்கு நியாயமான நான்குதான். கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் வங்கியில் கிராமக் கடன் பிரிவில் வருடக்கணக்கில் இந்த மலையில் சுற்றிவிட்டு, அப்புறம் வணிகவியல் சொல்லிக்கொடுக்க வந்தவன், விடைத்தாளும் திருத்தியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு வருகிற விடைகளில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும்: இரண்டு பக்கம் வகைகள், ஒன்றரைப் பக்கம் வங்கதேசத்தில் கிராமீன் வங்கியைத் தொடங்கிய முகமது யூனுஸ், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு வாக்கியம்கூட போயிருக்காது. கேள்வி இருப்பதே அந்தக் கோட்டில்தான்.

முதலில் வகைகள். புதுமை புனைபவர், பின்பற்றுபவர், ஃபேபியன், ட்ரோன் என்ற நான்கையும் கிளாரன்ஸ் டான்ஹாஃப் 1949-இல் அமெரிக்க விவசாயத்தைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் நம் பாடப்புத்தகங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் ஒரு புது முறை வந்தால் யார் முதலில் தொடுகிறார், யார் பார்த்துவிட்டுத் தொடுகிறார், யார் கடைசியில் வேறு வழியில்லாமல் தொடுகிறார், யார் நஷ்டப்பட்டாலும் தொடவே மாட்டேன் என்கிறார் என்பதுதான் இந்தப் பிரிவினை. புத்திசாலி, முட்டாள், பணக்காரர், ஏழை என்ற பிரிவினை அல்ல. ஃபேபியன் என்ற பெயர் ஃபேபியஸ் மாக்சிமஸ் என்ற ரோமானியத் தளபதியிடமிருந்து வந்தது, ஹானிபலோடு நேரடியாக மோதாமல் நாளைக் கடத்தியே தாக்குப்பிடித்தவர். ட்ரோன் என்பது கூட்டில் சும்மா இருக்கும் ஆண் தேனீ. (மருந்து தெளிக்கிற பறக்கும் ட்ரோன் வைத்திருப்பவர் என்று ஒரு தாளில் படித்திருக்கிறேன். தேனெடுக்கிற குறும்பர்கள் வாழ்கிற மலையில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா?)

சரி, குழுக் கடனுக்கு வருவோம். வகைகள் புதுமையை யார் எப்படி எதிர்கொள்கிறார் என்று கேட்கின்றன. குழுக் கடன் கேட்பது வேறு: தோற்றால் யார் கட்டுவது? இந்த இரண்டு கேள்விகளையும் இணைக்கிற ஒரே கம்பி, தோற்கிற வாய்ப்பு. அதைப் பிடித்துவிட்டால் ஒப்பீடு தானாக வரும்.

நானே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் நான் வைத்தவை, வழி பொருளாதாரக்காரர்கள் சொன்னது. உங்கள் ஊரில் எட்டுப் பேர் ஆளுக்கு 10,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் பழகிய தொழில் செய்கிறவர்கள், பெட்டிக்கடை, தையல், மாடு என்று. அவர்களுக்கு 18,000 நிச்சயமாக வரும். மற்ற நான்கு பேர் ஊரில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்யப் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கில் மூன்று தடவை 24,000 வரும், ஒரு தடவை ஒன்றுமே வராது. சராசரி பார்த்தால் இரண்டு பக்கமும் 18,000-தான். வங்கிக்கு ஒவ்வொரு கடனுக்கும் அசலும் செலவுமாக 11,000 திரும்பி வந்தால் போதும், லாபம் வேண்டாம். யார் எந்த ரகம் என்று வங்கிக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியும்.

தனித்தனியாகக் கொடுத்தால் என்ன ஆகும்? சராசரியாக எட்டில் ஏழு பேர்தான் கட்டுவார்கள். வங்கிக்கு வேண்டியது 88,000. அதை ஏழால் வகுத்தால் ஆளுக்கு 12,571. பெட்டிக்கடை அக்கா 18,000-இல் இதைக் கட்டிவிட்டுப் பார்த்தால் கையில் 5,429. இதற்குப் பதில் அவர் தேயிலை பறிக்கப் போயிருந்தால் அதே காலத்தில் 6,000 நின்றிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் என்ன செய்வார்? "உங்க லோனே வேண்டாம்" என்று எழுந்து போய்விடுவார். இப்படி நான்கு பேரும் போய்விட்டால் வங்கியிடம் மிஞ்சுவது தோற்கக்கூடியவர்கள் மட்டும், வட்டி இன்னும் ஏறும். ஒழுங்காகக் கட்டுகிறவர் மற்றவரின் நஷ்டத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறார், அது பொறுக்காமல் வெளியேறுகிறார். ஏழைக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கியதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இப்போது இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வரச் சொல்லுங்கள், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும் என்ற கூட்டுப் பொறுப்பு நிபந்தனையோடு. யார் யாரோடு சேர்வார்கள்? பெட்டிக்கடை அக்கா புதுத் தொழில்காரரைச் சேர்த்துக்கொண்டால் நான்கில் ஒரு தடவை அவருக்காகக் கட்டித் தொலைக்க வேண்டும். அதற்கு ஈடாக அந்தப் புதுத் தொழில்காரர் ஏதாவது கொடுக்கலாமே என்றால், தனக்குக் கிடைக்கிற நன்மைக்கு மேல் அவராலும் கொடுக்க முடியாது. அந்த நன்மை அக்காவின் நஷ்டத்தை விடச் சின்னது, ஏனென்றால் தானே தோற்கிற சமயத்தில் அவருக்கு நல்ல கூட்டாளி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆக, பேரம் படியாது. ஒரே ரகம் ஒரே ரகத்தோடு சேரும். இதைத்தான் பொருளாதார அறிஞர் மைத்ரீஷ் கட்டக் 1999-இல் கணிதமாக எழுதிக்காட்டினார்.

புதுத் தொழில்காரர் இருவர் ஒன்றாகச் சேர்ந்தால் இருவரும் ஒரே நேரத்தில் தோற்பது பதினாறில் ஒரு தடவைதான். மற்ற பதினைந்திலும் ஜெயித்தவர் தோற்றவருக்கும் சேர்த்துக் கட்டிவிடுவார். எனவே வங்கி தவணையை 11,355-க்கு இறக்கிவிடலாம். பெட்டிக்கடை அக்காவுக்கு இப்போது 6,645 நிற்கிறது, அவர் திரும்பி வருவார். பிணை இல்லாமல், யார் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்காமலே வங்கி இதைச் சாதித்துவிட்டது. குழுக் கடனின் முழு சாமர்த்தியமும் இவ்வளவுதான்.

ஆனால் இந்த இறக்கத்துக்குக் காசு யார் கொடுத்தது? புதுத் தொழில்காரரின் பக்கம் போய்ப் பாருங்கள். தனிக் கடனில் அவருக்குச் சராசரியாக 8,572 நின்றது, குழுவில் 7,355. அவர் இழந்த 1,217 ரூபாயும் அக்காவுக்குக் கூடிய 1,216 ரூபாயும் கிட்டத்தட்ட ஒரே காசு. சராசரியை விடுங்கள், ஒரு குறிப்பிட்ட நாளைப் பாருங்கள்: கூட்டாளி தோற்றுவிட்டார், நம்மவர் ஜெயித்துவிட்டார், 24,000 சம்பாதித்துவிட்டார். இரண்டு தவணையும் சேர்த்து 22,710 கட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் கையில் 1,290 ரூபாய். தனிக் கடனாக இருந்திருந்தால் அதே வெற்றிக்கு 11,429 கொண்டுபோயிருப்பார்.

உங்கள் விடையின் முதுகெலும்பு இதுதான், இரண்டே வரியில் எழுதலாம்: கூட்டுப் பொறுப்பில் நஷ்டம் பங்கு போடப்படுகிறது, லாபம் பங்கு போடப்படுவதில்லை. ஆகவே, ஏற்கெனவே ஊரில் நிரூபணமான தொழிலைச் செய்கிற பின்பற்றுபவருக்கு அது மிகவும் பொருந்தும், புதுமை புனைபவரை அது அழுத்தும்.

ஃபேபியனையும் ட்ரோனையும் இதே கம்பியில் சீக்கிரம் கோத்துவிடலாம். ஃபேபியன் தானாக நகரமாட்டார், ஆனால் வாரா வாரம் மீட்டிங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் மாடு பால் கறக்கிறதை நேரில் பார்க்கிறார், ஒரு கட்டத்தில் அவரும் கேட்பார். கிராமீனின் பழைய முறையில் ஐந்து பேரில் முதலில் இருவருக்கு, அவர்கள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்த இருவருக்கு, கடைசியில் தலைவிக்கு என்று படிப்படியாகக் கொடுத்தார்கள். அது பொறுப்பைக் கற்றுக்கொடுக்க வைத்த ஏற்பாடு, ஆனால் பார்த்துவிட்டு இறங்குகிறவருக்கும் வசதியாகப் போய்விட்டது. ட்ரோனை வங்கி வடிகட்ட வேண்டியதே இல்லை, சேர்த்துக்கொள்ளக் குழுவில் யாரும் முன்வரமாட்டார்கள். இதற்கு மேல் அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

இனி நான் நேரில் பார்த்தது. நிறுவனம் பெயரெல்லாம் வேண்டாம். கோத்தகிரிக்குக் கீழே ஒரு ஊரில் ஐந்து பேர் கொண்ட கூட்டுப் பொறுப்புக் குழு, ஆளுக்கு 30,000, வாரத் தவணை. நான்கு பேர் செய்தது ஊர் அறிந்த தொழில். ஐந்தாவது அம்மாவுக்கு ஒரு யோசனை. வெடித்துப்போன கேரட்டையும் கோணல் கேரட்டையும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பினால் லாரி வாடகைகூட வராது, அதைச் சீவி உலர்த்திப் பொடியாக்கி ஹோட்டல்களுக்கு விற்கலாம் என்றார். யோசனை தப்பே இல்லை. மின்சார உலர்த்தி வாங்கினார். கடன் கைக்கு வந்த இரண்டாவது வாரம் முதல் தவணை. உலர்த்தியை ஓட்டிப் பழகவே மூன்று வாரம் ஆனது, முதல் இரண்டு தடவை பொடி கறுத்துவிட்டது. அப்புறம் ஐப்பசி மழை வந்தது, பனிமூட்டம், அடிக்கடி கரண்ட் போகும், அரைகுறையாக உலர்ந்த சீவலை அப்படியே வைத்தால் பூசணம். ஹோட்டல்காரர்கள் சாம்பிள் கேட்டார்கள், காசு சீசனுக்கு அப்புறம் என்றார்கள். தவணைக்காரருக்கு சீசன் எல்லாம் கிடையாது, செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமை.

ஆறு வாரம் அவர் எங்கிருந்தோ புரட்டிக் கட்டினார். ஏழாவது வாரத்திலிருந்து மற்ற நால்வரும் பங்கு போட்டுக் கட்டினார்கள். அதில் ஒருவர் என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "அவ பொடி வித்து பங்களா கட்டியிருந்தா எனக்கு ஒரு செங்கல் குடுத்திருப்பாளா சார்?" கட்டக்கின் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும். அடுத்த சுற்றுக் கடனில் அவரைக் குழுவில் சேர்க்கவில்லை.

கதை அங்கே முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே ஊரில் இன்னொரு பெண் அதே பொடித் தொழிலை எடுத்தார், பழைய உலர்த்தியையே பாதி விலைக்கு வாங்கி. அவர் குழுவில் கேட்கவே இல்லை, வளையலை வங்கியில் வைத்து நகைக் கடன் வாங்கினார். நகைக் கடனில் தோற்றால் போவது அவர் வளையல்தான், பக்கத்து வீட்டுக்காரிக்கு அதில் பேச்சு இல்லை. வாரத் தவணையும் இல்லை, வட்டியைக் கட்டி வருடக் கடைசியில் திருப்பிக்கொள்ளலாம். அவருக்கு நின்றுவிட்டது. நின்றதைப் பார்த்ததும் பழைய குழுவிலிருந்து இரண்டு பேர் உலர்த்தி வாங்க வந்தார்கள், குழுக் கடனில்! முதலில் ஜெயித்தவர் நகையில், பின்னால் வந்தவர்கள் குழுவில். பாடப்புத்தகத்தில் இந்த வரி இருக்காது, ஆனால் நம் ஊரில் புதுமைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் நகைக் கடனைத்தான் சொல்வேன். நகையே இல்லாதவருக்கு என்ன வழி என்றால், அங்கேதான் பிரச்சினை.

இன்னொரு விஷயம் கவனித்தீர்களா? கேரட் பொடி அம்மாவைச் சாய்த்தது கூட்டுப் பொறுப்பு மட்டும் இல்லை, இரண்டாவது வாரத் தவணையும்தான். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். கொல்கத்தாவில் எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனை 2013-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல இரண்டு வாரத்தில் முதல் தவணை, இன்னொரு பகுதியினருக்கு இரண்டு மாதம் அவகாசம். அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் அதிகம் போட்டார்கள், சில வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் லாபமும் கூடியிருந்தது. கூடவே கட்டாமல் விட்டவர்களும் கூடினார்கள். கடன் கொடுப்பவர் ஏன் அவகாசம் தரத் தயங்குகிறார் என்பதற்கும் பதில் அதிலேயே இருக்கிறது. கூட்டுப் பொறுப்பைத் தனியாகச் சோதித்தவர்கள் சேவியர் ஜினேயும் டீன் கார்லனும். பிலிப்பைன்ஸில், ஏற்கெனவே இருந்த குழுக்களில் கூட்டுப் பொறுப்பை மட்டும் எடுத்துவிட்டு மீட்டிங்கை அப்படியே வைத்துப் பார்த்தார்கள். கட்டுவது குறையவில்லை. கிராமீன் வங்கியே 2000-களின் தொடக்கத்தில் ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்பதைக் கைவிட்டுவிட்டது. ஆக, 'கிராமீனின் இன்றைய முறை கூட்டுப் பொறுப்பு' என்று எழுதினால் அது பழைய செய்தி.

பின்பற்றுபவருக்குக் குழுக் கடன் பொருந்தும் என்றேன், அதற்கும் ஒரு எல்லை உண்டு, அதைச் சொன்னால்தான் விடை முழுமை. என் கணக்கில் ஒருவர் தோற்பதற்கும் மற்றவர் தோற்பதற்கும் தொடர்பு இல்லை, அதனால்தான் பதினாறில் பதினைந்து தடவை கடன் திரும்பியது. ஐந்து பேரும் ஒரே தொழிலைப் பார்த்துச் செய்தால் தோல்வியும் சேர்ந்தே வரும். பச்சைத் தேயிலை விலை விழுந்தால் இலை விற்பவர், அவருக்குக் கடன் கொடுக்கிற மளிகைக்கடைக்காரர், அவர் பிள்ளைக்குச் சட்டை தைக்கிறவர் எல்லாருக்கும் ஒரே மாதத்தில் இடிக்கும். 2020-இல் ஊட்டிக்குச் சுற்றுலாக்காரர்கள் வராமல் போனபோது அதை எல்லாரும் பார்த்தோம். ஐந்து பேரும் ஒன்றாகச் சாய்ந்தால் யார் யாருக்குக் கட்டுவது? அதை விட மோசம், இருவர் கட்ட முடியாதபோது மீதி மூவரும் 'எப்படியும் அடுத்த லோன் வராது, நாம் மட்டும் ஏன் கட்டுவது' என்று நிறுத்திவிடலாம். தனிக் கடனாக இருந்தால் கட்டியிருக்கக்கூடியவர்களும் இதில் நின்றுவிடுவார்கள். டிமோதி பெஸ்லி, ஸ்டீபன் கோட் என்ற பொருளாதார அறிஞர்கள் 1995-இலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். ஒரு குழு இந்தத் திசையில் போகிறதா என்று கண்டுபிடிக்கக் கணக்குப் புத்தகமே வேண்டாம், மீட்டிங்குக்கு ஆட்கள் தாமதமாக வர ஆரம்பித்தால் போதும். பணம் நிற்பதற்கு முன்னால் வருகை நிற்கும்.

தேர்வில் தவறாமல் மதிப்பெண் போகிற ஒரு இடம், சுய உதவிக் குழுவையும் கூட்டுப் பொறுப்புக் குழுவையும் ஒன்றாக எழுதுவது. சுய உதவிக் குழுவில் 10 முதல் 20 பேர், முதலில் சேமிப்பு, அதிலிருந்து உள்கடன், அப்புறம் வங்கிக் கடன் குழுவின் பெயரில் வரும், யாருக்கு எவ்வளவு என்று குழுவே முடிவு செய்யும். நபார்டு 1992-இல் சோதனை முயற்சியாக வங்கியோடு இணைக்கத் தொடங்கியது இதைத்தான். கூட்டுப் பொறுப்புக் குழுவில் 4 முதல் 10 பேர், சேமிப்பு கட்டாயமில்லை, பெரும்பாலும் கடன் ஆளாளுக்குத் தனியாக வரும், மற்றவர்கள் ஜாமீன். இதை வகைகளோடு முடிச்சுப் போடுங்கள்: சுய உதவிக் குழுவின் உள்கடன் சின்னத் தொகை, தவணையைத் தள்ளிப்போடக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம், ஆகவே புதிதாக ஒன்றைச் சின்ன அளவில் முயன்றுபார்க்க அங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது. கேரட் பொடி அம்மா முதலில் உள்கடனில் 3,000 வாங்கி வீட்டு அடுப்பிலேயே இரண்டு கிலோ உலர்த்திப் பார்த்திருந்தால் கறுக்கிறது, பூசணம் பிடிக்கிறது எல்லாம் அப்போதே தெரிந்திருக்கும்.

உங்கள் அம்மா சிரித்தது சரிதான். பள்ளிக்கூடக் கட்டணம், ஆஸ்பத்திரி, சீர் என்றுதான் நிறையக் கடன் போகிறது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிமுறைகளே நுண்கடன் என்பதை வரையறுக்கும்போது ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் கொடுக்கிற கடன், என்ன செலவுக்காக இருந்தாலும் சரி என்றுதான் சொல்கின்றன. விடையில் இதை ஒரு வரி எழுதுங்கள்: கடன் வாங்கிய எல்லாரையும் நான்கு வகையில் ஒன்றில் அடைக்க முடியாது.

எழுதும் விதம் பற்றி. நான்கு வகைக்கும் ஆளுக்கு இரண்டு வரி, அரைப் பக்கத்தில் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் எழுதினாலும் அதற்கு இரண்டரை மதிப்பெண்தான் இருக்கும். குழுக் கடன் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அரைப் பக்கம். மிச்சம் ஒரு பக்கம் முழுக்க அந்தக் கம்பிக்கு, அங்கே எட்டுப் பேர் கணக்கைச் சுருக்கமாகப் போடுங்கள், 88,000-ஐ ஏழால் வகுக்கிற இடமாவது வர வேண்டும். புதுமை என்றாலே ஆபத்து என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கையிலிருந்த 3,000-இல் சோதித்துப் பார்த்த புதுமைக்காரரை விட, மண்டியில் எல்லாரும் போட்ட அதே காயைப் போட்ட ஆள் அதிகம் தோற்கலாம். அட்டவணை போட வேண்டுமானால் போடுங்கள், ஆனால் ஒரு நெடுவரிசைக்கு 'தோற்றால் யார் கட்டுவது' என்று தலைப்பு வையுங்கள். அந்த நெடுவரிசை இல்லாத அட்டவணைகளைத்தான் நான் இதுவரை திருத்தியிருக்கிறேன்.